இரண்டு ஆபீஸ், ஒரு ஃபோல்டர்: எந்த மாற்றம் காணாமல் போகும்?

"சார், நேத்து நான் மாத்தி வெச்ச லாரி வாடகை ஷீட்ல இல்ல. பழைய ரேட்டுலயே கொட்டேஷன் போயிடுச்சு."

சென்னைக் கிளை மேனேஜர் காலையில் போன் பண்ணிச் சொன்னது இது. நண்பர் ஒருவருக்குக் கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி, சென்னையில் விற்பனைக் கிளை. இரண்டு இடத்துக்கும் பொதுவான ஃபோல்டர் ஒன்றை நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். எட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. அதனால் முதலில் நான் சொன்னது, "நீங்க சேவ் பண்ண மறந்திருப்பீங்க." அவர் மறக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு சனிக்கிழமை ஆனது. அன்று புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் இரண்டு நகல்? கோவையில் ஒரே ஒரு சர்வர் வைத்து, சென்னை ஆட்கள் விபிஎன் வழியாக அதையே திறந்தால் போதாதா? ஆரம்பத்தில் அப்படித்தான் செய்திருந்தோம். இரண்டு மெகாபைட் எக்செல் ஃபைல் சென்னையில் திறக்கப் பத்துப் பன்னிரண்டு வினாடி ஆனது. இணைப்பின் வேகத்தை இரட்டிப்பாக்கினோம். ஒரு வினாடிகூடக் குறையவில்லை.

காரணம் எளிது. விண்டோஸில் ஷேர் ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலைத் திறப்பது ஒரே வேண்டுகோள் இல்லை. இந்தப் பெயரில் ஃபைல் இருக்கிறதா, எனக்கு அனுமதி உண்டா, வேறு யாராவது திறந்திருக்கிறார்களா, முதல் துண்டைக் கொடு, அடுத்த துண்டைக் கொடு என்று கேள்வியும் பதிலுமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது என்பதுதான் பல இடங்களில் வழக்கம். அப்படி 300 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விபிஎன்னில் ஒரு தடவை போய் வர 40 மில்லி வினாடி. பெருக்கினால் 12 வினாடி. அதே 300 கேள்வி ஆபீசுக்குள்ளேயே என்றால், தடவைக்கு அரை மில்லி வினாடி வீதம் மொத்தம் 0.15 வினாடி. குழாயைப் பெரிதாக்கினால் தண்ணீர் அதிகம் வரும், தண்ணீர் வந்து சேரும் நேரம் மாறாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவை–சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஆக, போய் வர 5 மில்லி வினாடிக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. மீதி 35 சுற்றுவழியும் ரவுட்டர்களும் விபிஎன்னும் சேர்ந்து தின்பது.

அதனால் ஆளுக்கொரு நகல் என்று முடிவு செய்தோம். ஒவ்வோர் ஆபீசிலும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. அதில் சாம்பா, ஆபீசில் இருப்பவர்களுக்கு ஃபோல்டரை ஷேர் பண்ண. கூடவே சிங்க்திங், இரண்டு பெட்டிகளையும் ஒன்றுபோல வைத்திருக்க. எல்லாரும் பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியோடுதான் பேசுகிறார்கள். ஃபைல் உடனே திறக்கிறது.

ஆனால் காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியது. முன்பு ஃபைலைத் திறக்கும் ஆள் காத்திருந்தார். இப்போது சேவ் ஆன மாற்றம் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரக் காத்திருக்கிறது. யாருக்கும் அது கண்ணில் படாது. அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

சென்னையில் ஒருவர் சேவ் பண்ணுகிறார். லினக்ஸ் கர்னல் "இந்த ஃபைல் மாறியது" என்று சிங்க்திங்குக்குத் தகவல் சொல்கிறது. சிங்க்திங் உடனே பாயாது, 10 வினாடி பொறுக்கும். சேவ் பண்ணும்போது எக்செல் தற்காலிக ஃபைல் எழுதி, பெயர் மாற்றி, பழையதை அழித்து என்று நாலைந்து வேலை செய்யும். அவை அடங்கட்டும் என்றுதான் அந்தப் பொறுமை. பிறகு ஃபைலைத் துண்டு துண்டாக ஹாஷ் பண்ணி, "என்னிடம் புதிய பதிப்பு இருக்கிறது" என்று கோவைக்குச் சொல்லும். கோவை தன்னிடம் இல்லாத துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கும். அவற்றை `.syncthing.vilai.xlsx.tmp` என்ற பெயரில் அதே ஃபோல்டரில் சேர்த்து, முழுதும் சரியாக வந்தபின் ஒரே அசைவில் நிஜப் பெயருக்கு மாற்றும். பாதி வந்த ஃபைலை யாரும் திறக்க வாய்ப்பில்லை. எங்கள் விலைப்பட்டியல் மாதிரி ஃபைலுக்கு எல்லாம் சேர்த்துப் பதினைந்து வினாடி.

அந்தப் பதினைந்து வினாடிக்குள் இரண்டு பேரும் சேவ் பண்ணினால் மட்டும்தான் மோதல் என்று நான் நினைத்திருந்தேன். ஆபீசில் மொத்தம் பதினெட்டுப் பேர். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று விட்டுவிட்டேன். இதுதான் நான் செய்த தப்பு. அதற்கு முன் மோதலை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கோவை 11:30க்கும் சென்னை 11:20க்கும் சேவ் பண்ணியிருந்தால், கோவைக்காரர் சென்னையின் மாற்றத்தைப் பார்த்துவிட்டு அதன் மேல் எழுதினாரா, பார்க்காமல் எழுதினாரா என்பதைக் கடிகாரம் சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி "எது பிந்தியது" இல்லை, "எது எதை அறிந்து எழுதப்பட்டது" என்பதுதான். இதற்கான விடை 1983லேயே வந்துவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லோகஸ் என்ற பகிர்வு இயங்குதளத்தை உருவாக்கிய குழுவின் வேலை. வெர்ஷன் வெக்டர் என்று பெயர். சிங்க்திங்கும் அதைத்தான் பயன்படுத்துகிறது.

ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு சின்னக் கணக்கு ஒட்டியிருக்கும்: எந்தப் பெட்டி எத்தனையாவது தடவை இதை மாற்றியது என்று. புரிவதற்காகச் சின்ன எண்களாகவே போடுகிறேன். காலையில் இரண்டு ஊரிலும் கோ:5, செ:3 என்று இருக்கிறது. சென்னையில் இணைய இணைப்பு அறுந்துவிட்டது. சென்னை சேவ் பண்ணுகிறது: கோ:5, செ:4. அதே சமயம் கோவையும் சேவ் பண்ணுகிறது: கோ:6, செ:3. இணைப்பு திரும்புகிறது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் கோவையில் ஒரு எண் பெரிது, சென்னையில் மற்றது பெரிது. எந்தப் பக்கமும் மற்றதை முழுதாக உள்ளடக்கவில்லை. மோதல்.

மாறாக, சென்னையின் செ:4 வந்து சேர்ந்த பிறகு கோவை எழுதியிருந்தால் கோ:6, செ:4 ஆகியிருக்கும். அது சென்னையினுடையதை உள்ளடக்கியது. மோதல் இல்லை, சாதாரணப் புதுப்பிப்பு.

மோதல் என்று தெரிந்தபின்தான் கடிகாரம் வேலைக்கு வருகிறது. மாற்றிய நேரம் பிந்தியதாக உள்ள ஃபைல் அசல் பெயரை வைத்துக்கொள்ளும். தோற்றது அழிக்கப்படாது, இப்படிப் பெயர் மாறும்:

```
vilai.sync-conflict-20240612-121142-K7QX2LM.xlsx
```

கடைசியில் உள்ள ஏழு எழுத்து, தோற்ற பதிப்பைக் கடைசியாக மாற்றிய பெட்டியின் அடையாளம். நடுவில் உள்ள தேதியும் நேரமும் மோதல் கண்டுபிடிக்கப்பட்ட நேரம், ஃபைல் சேவ் ஆன நேரம் இல்லை. நானே இதில் ஒரு தடவை குழம்பியிருக்கிறேன். இந்த ஃபைலும் சாதாரண ஃபைல் போலவே இரண்டு ஊருக்கும் பரவும். ஒரு பெட்டியின் கடிகாரம் தப்பாக இருந்தால் மோதல் தவறாமல் கண்டுபிடிக்கப்படும், தவறான ஆள் ஜெயிப்பார். அவ்வளவுதான் சேதம்.

இப்போது அந்த போன் காலுக்கு வருவோம். எட்டு மாதத்தில் `sync-conflict` பெயரில் நான்கு ஃபைல்தான் வந்திருந்தது. லாரி வாடகை விவகாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. மோதலே நடக்காமல் மாற்றம் தொலைந்திருக்கிறது.

இரண்டு ஆபீசிலும் கேட்டு, லாகை வைத்து அந்தப் புதன்கிழமையைக் கட்டினேன். காலை 9:40க்குக் கோவையில் காஸ்டிங் பார்ப்பவர் `vilai.xlsx` திறக்கிறார். செம்பு விலை ஏறியிருந்ததால் மோட்டார் வரிகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறார். நடுவில் டீ, மீட்டிங், சாப்பாடு. ஃபைல் திறந்தபடியே இருக்கிறது. 11:20க்குச் சென்னை மேனேஜர் தன் ஊர் நகலைத் திறந்து, லாரி வாடகையை உயர்த்தி, சேவ் பண்ணி மூடுகிறார். பதினைந்து வினாடியில் அது கோவைப் பெட்டிக்கு வந்துவிட்டது. எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. மாலை 5:10க்குக் கோவைக்காரர் சேவ் பண்ணுகிறார்.

கோவைப் பெட்டி லினக்ஸ். அதில் ஒரு ஃபைல் திறந்திருக்கும்போதே அதே பெயரில் வேறொரு ஃபைலைக் கொண்டுவந்து வைக்கலாம். திறந்திருப்பவர் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பார், பெயர் புதியதைக் காட்டும். 11:20க்கு நடந்தது அதுதான். 5:10க்கு எக்செல் தன் திரையில் இருந்த முழு ஷீட்டையும், அதாவது காலை 9:40 மணியின் லாரி வாடகையோடு, அந்தப் பெயரில் எழுதியது. சிங்க்திங்கின் கணக்கில் அப்போது அந்த ஃபைல் கோ:5, செ:4. கோவையில் மாறியது, ஆகவே கோ:6, செ:4. முந்தையதை முழுதாக உள்ளடக்குகிறது. ஒழுங்கான புதுப்பிப்பு என்று சென்னைக்கும் அனுப்பிவிட்டது. அங்கே உயர்த்திய வாடகை போயே போச்சு.

சில நேரம் எக்செல் "இந்த ஃபைலை வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்று கேட்கும். கேட்டதா என்று காஸ்டிங்காரரிடம் விசாரித்தேன். "ஏதோ வந்துச்சுங்க, ஓகே குடுத்துட்டேன்" என்றார். மாலை ஐந்தேகாலுக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

வெர்ஷன் வெக்டர் பொய் சொல்லவில்லை. கோவைப் *பெட்டி* சென்னையின் மாற்றத்தைப் பார்த்திருந்தது உண்மை. கோவையின் *ஆள்* பார்க்கவில்லை. பெட்டிக்கு எது தெரியும் என்பதுதான் அந்தக் கணக்கில் உண்டு, திரைக்கு எது தெரியும் என்பது அதில் இல்லை. ஆகவே ஆபத்தான நேரம் பதினைந்து வினாடி இல்லை. ஒருவர் ஃபைலைத் திறந்ததிலிருந்து சேவ் பண்ணும் வரை, இங்கே ஏழரை மணி நேரம். இணைப்பு எவ்வளவு வேகமானாலும் அது ஒரு நிமிடம்கூடக் குறையாது. சொல்லப்போனால் வேகமான இணைப்பு மோசம். அன்று இணைப்பு அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும் மோதல் ஃபைலாவது வந்திருக்கும்!

ஒரே ஆபீசுக்குள் இது ஏன் நடப்பதில்லை? ஒருவர் திறந்திருந்தால் அடுத்தவருக்கு "படிக்க மட்டும்" என்று எக்செல் சொல்லும். அந்தப் பூட்டைப் பிடித்து வைத்திருப்பது அந்தந்த ஊரின் சாம்பா. அடுத்த ஊரின் சாம்பாவுக்கு அது தெரியாது. ஃபோல்டரில் `~$vilai.xlsx` என்று ஒரு குட்டி ஃபைல் தோன்றுமே, அதையும் சிங்க் பண்ணினால் பூட்டும் போய்ச் சேருமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அது பூட்டு இல்லை, பூட்டியவர் பெயர்ச்சீட்டு. பூட்டையே ஊர் கடத்தலாமா என்றால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அடுத்த ஊரைக் கேட்டாக வேண்டும். இணைப்பு அறுந்தால் ஒன்று யாரையும் எழுத விடக்கூடாது, இல்லையென்றால் கேட்காமல் விட வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றை இழக்கிறோம். சிங்க்திங் இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

தொலைந்த வாடகை கிடைத்ததா? கிடைத்தது, சென்னையில். சிங்க்திங்கில் ஃபைல் வெர்ஷனிங் என்று ஒரு வசதி உண்டு. வெளியிலிருந்து வரும் பதிப்பு உள்ளூர்ப் பதிப்பை மாற்றும்போது பழையதை `.stversions` ஃபோல்டரில் எடுத்து வைக்கும். உள்ளூரிலேயே ஒருவர் மேலெழுதினால் எடுத்து வைக்காது. அதனால் மேலெழுதல் நடந்த கோவைப் பெட்டியில் அந்தப் பதிப்பு இல்லை. கோவையின் பதிப்பு சென்னைக்குள் நுழைந்தபோது சென்னையில் இடம் இழந்த பதிப்புதான் பத்திரமாக இருந்தது. நான் அதிர்ஷ்டவசமாக இரண்டு பக்கமும் வெர்ஷனிங் போட்டிருந்தேன். கோவையில் மட்டும் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அறுபது பம்புக்கான வாடகை வித்தியாசத்தை நண்பர் கையிலிருந்து போட்டார், அது வேறு விஷயம்.

பிறகு என்ன மாற்றினோம்? மென்பொருள் பக்கம் செய்தது குறைவு. ஒரு ஃபைலை எழுதும் உரிமை ஒரே ஊருக்கு என்று ஃபோல்டர்களைப் பிரித்தோம். விலைப்பட்டியல் கோவையின் சொத்து: அங்கே "அனுப்ப மட்டும்", சென்னையில் "வாங்க மட்டும்" என்று சிங்க்திங்கில் அமைத்தாகிவிட்டது. சென்னையில் யாராவது கைவைத்தால் அது கோவைக்குப் போகாது, பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் உள்ளூர் மாற்றம் என்று காட்டும், ஒரு பட்டனில் திருப்பிவிடலாம். கொட்டேஷன் ஃபோல்டர் இதற்கு நேர் எதிர். லாரி வாடகை விலைப்பட்டியலிலிருந்து பிரிந்து சென்னையின் தனி ஃபைல் ஆனது. கோவை ஷீட் அதைப் படித்துக்கொள்கிறது.

ஸ்டாக் ரிஜிஸ்டர்தான் கஷ்டமாக இருந்தது, இரண்டு ஊரும் எழுதியாக வேண்டும். அதை `stock-kovai.xlsx`, `stock-chennai.xlsx` என்று இரண்டாக்கி, மூன்றாவது ஷீட் இரண்டையும் கூட்டிக் காட்டும்படி செய்தோம். ஆளுக்கொரு எண், கூட்டினால் மொத்தம்: யோசித்துப் பார்த்தால் வெர்ஷன் வெக்டரும் இதே தந்திரம்தான்.

எல்லாரும் எழுதும் பொது ஃபோல்டர் ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்கு மட்டும் இரண்டு காவல். தினமும் இரவில் இந்த வரி ஓடி எனக்கு மெயில் அனுப்பும்:

```
find /srv/pothu -name '*.sync-conflict-*' \
  -not -path '*/.stversions/*' -cmin -1440
```

`-mmin` போடாமல் `-cmin` போட்டதற்குக் காரணம் உண்டு. தோற்ற ஃபைலுக்குப் பெயர்தான் மாறுகிறது, உள்ளடக்கம் மாறிய நேரம் பழையதாகவே இருக்கும். `-mmin` அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

இரண்டாவது, சேர வேண்டிய நேரம் ஓசைப்படாமல் நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. கர்னல் எத்தனை ஃபோல்டரைக் கவனிக்கும் என்பதற்கு `fs.inotify.max_user_watches` என்று ஒரு வரம்பு உண்டு. பழைய லினக்ஸ்களில் அது 8192. ஃபோல்டர்கள் பெருகி அதைத் தாண்டினால் உடனடித் தகவல் நின்றுபோய், மணிக்கொரு முறை நடக்கும் முழு ஸ்கேன் மட்டும் மிஞ்சும். பதினைந்து வினாடி ஒரு மணி நேரமாகும். எதுவும் நிற்காது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். நிர்வாகப் பக்கத்தில் வாட்சர் பிழை என்று ஒரு சின்ன வரி மட்டும் வரும். நான் ஒரு ஊரில் ஃபைலை உருவாக்கி, அடுத்த ஊரில் அது தோன்ற எத்தனை வினாடி என்று குறிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். ஒரு தடவை 50 நிமிடம் காட்டியது. போய்ப் பார்த்தால் இதே வரம்புதான்.

கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரையும் இதில் போடலாமா என்று நண்பர் கேட்டார். கூடவே கூடாது. ஒரே வவுச்சர் அங்கே பல ஃபைல்களில் எழுதப்படும். சிங்க்திங்குக்கு ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி, ஒன்று இன்றையதாகவும் அடுத்தது நேற்றையதாகவும் போய்ச் சேரலாம். அதனால் கணக்கு கோவையிலேயே இருக்கிறது. சென்னையின் அக்கவுண்டன்ட் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து எழுதுகிறார். ஒவ்வொரு விசைக்கும் அந்த 40 மில்லி வினாடி உண்டு. ஆனால் 300 தடவை இல்லை, ஒரே தடவை. அது அவருக்குத் தெரியவே இல்லையாம்.